29 மில்லிசெகண்டா, அரை நொடியா? வைவாவில் என்னை நிறுத்திய கேள்வி

எம்.எஸ்சி. உளவியல் பிராக்டிகல் தேர்வு. என் ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்த வெளித்தேர்வாளர் இரண்டு பக்கங்களில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இங்க ஒரு பொருளைப் பார்த்துத் தள்ள 29 மில்லிசெகண்ட் போதும்னு எழுதியிருக்கே. அடுத்த எக்ஸ்பெரிமெண்ட்ல, ஒரு எழுத்தைப் பிடிச்சா அரை நொடிக்கு அடுத்தது தெரியாதுன்னு எழுதியிருக்கே. ரெண்டும் கவனம்தானே? எது சரி?"

இரண்டு சோதனைகளின் வரையறையும் எனக்கு மனப்பாடம். யார், எந்த ஆண்டு, என்ன முடிவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறைகூட யோசித்ததில்லை என்பதால் வாய் திறக்க முடியவில்லை. காட்சித் தேடலும் அட்டென்ஷனல் பிளிங்கும் ஒரே யூனிட்டில் வரும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். அதற்குப் பின் நான் எப்படிப் படித்தேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில் தேடல். ஆன் டிரீஸ்மனும் கேரி கெலாடும் 1980இல் வெளியிட்ட கட்டுரைதான் இதற்கு அடிப்படை. திரையில் 1, 5, 15 அல்லது 30 எழுத்துகள் இருக்கும். தேட வேண்டியது அதில் இருக்கிறதா இல்லையா என்று பட்டன் அழுத்த வேண்டும். பழுப்பு T, பச்சை X இவற்றுக்கு நடுவே ஒரு நீல எழுத்து இருந்தால், 5 எழுத்து இருந்தாலும் 30 இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுவிடும். நிறம் என்ற ஒரே பண்பு போதும். இது ஃபீச்சர் சர்ச். தேட வேண்டியது பச்சை T என்றால் கதை மாறுகிறது. பச்சையும் நிறைய இருக்கிறது, T-யும் நிறைய இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது ஒன்றுதான். இது கன்ஜங்ஷன் சர்ச்.

இங்கே நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். "கன்ஜங்ஷன் சர்ச்சுக்கு அதிக நேரம் ஆகும்" என்றுதான் ரெக்கார்டில் முடிவு எழுதியிருந்தேன். அது பதிலே இல்லை. ஒருவருக்குப் பட்டன் அழுத்தும் கை மெதுவாக இருந்தாலும் மொத்த நேரம் கூடும். பார்க்க வேண்டியது சாய்வு: ஒரு பொருள் கூடினால் எத்தனை மில்லிசெகண்ட் கூடுகிறது என்பது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். பச்சை T இருக்கும் திரைகளில் 5 பொருளுக்கு 600, 15க்கு 890, 30க்கு 1325 மில்லிசெகண்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5லிருந்து 30 வரை 25 பொருள்கள் கூடின, நேரம் 725 கூடியது, வகுத்தால் 29. பச்சை T இல்லாத திரைகளில் 5க்கு 700, 30க்கு 2375 என்றால் 1675ஐ 25ஆல் வகுத்து 67. எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட நேரங்கள் இவை. ஆனால் 29, 67 என்ற சாய்வுகள் 1980 கட்டுரையில் கிடைத்தவற்றை ஒட்டியவை.

ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே இருப்பது ஏன்? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்க் கிடைத்ததும் நிறுத்தினால், சராசரியாகப் பாதியைத்தான் பார்த்திருப்போம். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். டிரீஸ்மன் இதிலிருந்து சொன்னது: நிறம், வடிவம் போன்ற பண்புகள் திரை முழுதும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன. ஆனால் இந்தப் பச்சை இந்த T-யுடையது என்று கட்டிப்போட, அந்த இடத்துக்குக் கவனம் போயாக வேண்டும்.

இதை அப்படியே எழுதிவிட்டு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். சாய்வு இருப்பதாலேயே ஒவ்வொன்றாகத்தான் பார்த்தோம் என்று நிரூபணமாகாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்த்தாலும், பொருள்கள் கூடக் கூட வேலை மந்தமாகிறது என்றால் அதே சாய்வு வரும். அதோடு, 1984இல் எகெத்தும் அவரோடு வேலை செய்தவர்களும், மக்கள் ஒரு நிறத்தை மட்டும் ஒதுக்கி எடுத்து அதற்குள் தேட முடிகிறது என்று காட்டினார்கள். பச்சை எழுத்துகளுக்குள் மட்டும் தேடினால் 30இல் பாதி அப்படியே கழிந்துவிடும். ஜெரமி உல்ஃப் 1989இல் முன்வைத்த வழிநடத்தப்பட்ட தேடல் என்ற கருத்து இந்த வழியில் வந்ததுதான். இரண்டு வகைத் தேடலுக்கும் நடுவே கறாரான கோடு கிடையாது. சாய்வு பூச்சியத்திலிருந்து செங்குத்து வரை படிப்படியாகப் போகிறது.

சரி, பிளிங்க். பெயரைக் கேட்டு இமை மூடுவது என்று நினைத்துவிட வேண்டாம். என் வகுப்பிலேயே இரண்டு பேர் அப்படி எழுதினார்கள். கண் திறந்தபடி திரையின் நடுவிலேயே இருக்கிறது, எழுத்துகள் அதே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. ரேமண்ட், ஷாபிரோ, ஆர்னெல் மூவரும் 1992இல் செய்த சோதனையில் 90 மில்லிசெகண்டுக்கு ஒரு எழுத்து, நொடிக்கு 11. கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே ஒன்று வெள்ளை, அது முதல் இலக்கு. அதற்குப் பின் X வந்ததா என்பது இரண்டாவது. வெள்ளை எழுத்தைச் சரியாகச் சொன்னவர்களுக்கு, அதற்குப் பின் ஏறத்தாழ 180 முதல் 450 மில்லிசெகண்டுக்குள் வந்த X அடிக்கடி தவறிப்போனது; இந்தத் தவறல்தான் பிளிங்க். வெள்ளை எழுத்துக்குப் பின் எத்தனையாவது இடம் என்பதை லேக் என்பார்கள்; அதாவது லேக் 2 முதல் 5 வரை. அடுத்த இடத்திலேயே, லேக் 1இல் வந்தால் பெரும்பாலும் தப்பித்தது.

என் சோதனையை `PsychoPy`யில் செய்தேன், எண்களின் ஓட்டத்துக்கு நடுவே இரண்டு எழுத்துகள் வைத்து. இரண்டு இடங்களில் சறுக்கினேன். என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட். 90 என்று எழுதினால் அது 90ஆக வராது. 5 ஃபிரேம் 83, 6 ஃபிரேம் 100. 6 ஃபிரேம் என்று எழுதிவிட்டு ரெக்கார்டிலும் 100 என்றே குறிப்பதுதான் நேர்மை. இரண்டாவது இன்னும் முக்கியம். இரண்டாவது எழுத்தின் சரியான பதில்களை மொத்தத் தடவைகளுக்கும் கணக்கிட்டிருந்தேன். முதல் எழுத்தைச் சரியாகச் சொன்ன தடவைகளை மட்டும்தான் எடுக்க வேண்டும். லேக் 3இல் 40 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் எழுத்து சரி 32; அந்த 32இல் இரண்டாவதும் சரி 16. ஆக 50 சதவீதம். முதல் எழுத்தைத் தவறவிட்ட 8 தடவைகளில் 6இல் இரண்டாவதைப் பிடித்தார் என்றால், மொத்தக் கணக்கில் 40க்கு 22, 55 சதவீதம் ஆகிவிடும். முதலாவது பிடிபடாத இடத்தில் பிளிங்க் நிகழக் காரணமே இல்லை. அவற்றையும் சேர்த்தால், சரியான பதில்களின் வரைபடத்தில் பிளிங்க் காட்டும் பள்ளம் ஆழம் குறைந்து தெரியும்.

இதே சோதனையில் ஒரு ஒப்பீட்டுச் சுற்று உண்டு. வெள்ளை எழுத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், X மட்டும் பாருங்கள் என்று சொன்னால், அதே திரை, அதே வேகம், ஆனால் பள்ளம் காணாமல் போகிறது. ஆகவே கண்ணின் குறையோ வேகத்தின் குறையோ இல்லை. வெள்ளை எழுத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வேலைதான் காரணம்.

வைவா கேள்விக்கான பதில் இந்தச் சுற்றிலேயே இருக்கிறது. நான்தான் அதைச் சோதனையின் சம்பிரதாயம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். தேடலில் 29 என்ற சாய்வு காட்டுவது, இது நான் தேடுவது இல்லை என்று ஒவ்வொரு பொருளாகத் தள்ளும் வேகம்; சராசரியாகப் பாதியைத்தான் பார்க்கிறோம் என்பதால் ஒன்றைத் தள்ள அதைப் போல இரண்டு மடங்கு, ஏறத்தாழ 58 மில்லிசெகண்ட் ஆகும். தள்ளியதை நினைவில் வைக்கத் தேவையில்லை. பிளிங்க் ஓட்டத்திலும் தள்ளப்படும் எழுத்துகள் நொடிக்கு 11 வீதம் சிரமமில்லாமல் கடந்து போகின்றன. அவற்றால் எந்தப் பள்ளமும் வருவதில்லை. அரை நொடி பிடிப்பது, கிடைத்த ஒன்றைப் பிறகு சொல்லும்படி நினைவில் ஊன்றுவது. தேடல் சோதனையில் அப்படி ஊன்ற வேண்டியது ஒரே ஒரு பொருள், அதுவும் கடைசியில். அந்த நேரம் 5 பொருளுக்கும் 30 பொருளுக்கும் ஒன்றுதான் என்பதால் சாய்வில் தெரியவே தெரியாது, கோடு தொடங்கும் உயரத்தில் ஒளிந்துகொள்ளும். ஆக இரண்டு எண்ணும் சரி. அவை அளப்பது வெவ்வேறு கட்டத்தை.

தேடலிலேயே ஒரு பொருளை அடையாளம் காண 29 மில்லிசெகண்ட் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மூரும் உல்ஃபும் இதற்குக் கார் கழுவும் நிலையத்தை உவமையாகச் சொன்னார்கள். ஒவ்வொரு காரும் உள்ளே போய் வெளியே வர நேரம் பிடிக்கும். ஆனால் முந்தையது வெளியே வருவதற்குள் அடுத்தது நுழைந்துவிடும். சாய்வு சொல்வது எவ்வளவு நேரத்துக்கு ஒரு கார் நுழைகிறது என்பதை மட்டும்தான்.

தவறிப்போன இரண்டாவது இலக்கு எதுவரை உள்ளே வந்தது? 1996இல் லக், வோகல், ஷாபிரோ இதை மூளை மின்னலைகளில் பார்த்தார்கள். முதலில் ஒரு சொல்லைக் காட்டிவிட்டு, பின் ஓட்டத்தில் இரண்டாவது இலக்காக அதற்குப் பொருந்தும் அல்லது பொருந்தாத சொல்லை வைத்தார்கள். பொருள் பொருந்தாத சொல் வந்தால் சுமார் 400 மில்லிசெகண்டில் N400 என்ற அலை எழும். பிளிங்க் நேரத்தில் மக்கள் சொல்லைச் சரியாகச் சொல்வது குறைந்தது, N400 குறையவில்லை. சொல்லின் பொருள்வரை மூளை போய்விட்டது, ஊன்றுவதற்குத்தான் இடமில்லை. தேடலில் வரம்பு பண்புகளைக் கட்டும் இடத்தில், பிளிங்கில் அதற்கு வெகுவாகப் பின்னால். பெரிய கேள்வியில் இந்த ஒரு சோதனையை விரித்து எழுதுங்கள், பத்துப் பெயர்களை அடுக்குவதைவிட மேல்.

அடுத்து வரக்கூடிய கேள்வி: ஊன்ற அரை நொடி ஆகும் என்றால் லேக் 1 எப்படித் தப்பிக்கிறது? முதல் இலக்குக்காகத் திறந்த கதவு உடனே மூடுவதில்லை, அடுத்து வருவதும் கூடவே நுழைந்துவிடுகிறது என்பது வழக்கமான விளக்கம். அப்படி இரண்டும் ஒன்றாக நுழைந்தால் எது முன், எது பின் என்பது கலங்க வேண்டும். அப்படித்தான் ஆகிறது, லேக் 1இல் மக்கள் இரண்டு எழுத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு வரிசையை மாற்றிச் சொல்வது அதிகம். என் பழைய தரவைத் திறந்து லேக் 1 வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். K, R என்று காட்டிய இடத்தில் R, K என்று பதில். தவறு என்று நானே கழித்துவிட்டிருந்த வரிகள் அவை.