ஸ்வைப் மிஷினில் பிடித்த பணமும் திருத்தி எழுதிய புகாரும்

விளக்குத்தூண் பக்கம் அத்தை சின்னதாகச் சுங்குடிச் சேலைக் கடை நடத்துகிறார். கார்டு மிஷினில் மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள் என்று அவர் வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு வந்த பதில் இரண்டே வரி: "கட்டணங்கள் வணிகர் ஒப்பந்தத்தின்படியே பிடிக்கப்பட்டுள்ளன. புகார் முடித்துவைக்கப்பட்டது." இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் புகாரை நான் திருத்தி எழுதிக் கொடுத்து, பணத்தில் பெரும்பகுதி இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. மிஷின் வைத்திருக்கும் மற்ற கடைக்காரர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அத்தை எழுதியிருந்த புகாரில் பொய் எதுவும் இல்லை. "மிஷின் இலவசம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அநியாயமாகப் பணம் எடுக்கிறீர்கள், எடுத்ததை எல்லாம் திருப்பித் தரவும்" என்று ஒரு பக்கம். ஆனால் எந்தக் கட்டணம், எந்த விதிப்படி தப்பு என்று அதில் இல்லை. கட்டணம் அதிகம் என்று மட்டும் சொன்னால், அது எங்கள் வணிக முடிவு என்று வங்கி கையை விரித்துவிடும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் வணிக முடிவுகள் மேல் வரும் புகார்களை எடுத்துக்கொள்வதில்லை. அதனால் விதியை மீறிப் பிடித்த பணத்தை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

பிரிக்க வேண்டுமானால் கணக்கு விவரம் வேண்டும். பாஸ்புக்கில் கட்டணம் போக மீதித்தொகை மட்டும்தான் வரவாகும். எந்த கார்டுக்கு எவ்வளவு பிடித்தார்கள் என்ற அறிக்கை தினமும் மின்னஞ்சலில் வரும். அத்தைக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. விசாரித்தால், மிஷின் கொடுத்த சேல்ஸ் பையன் விண்ணப்பத்தில் தன்னுடைய மின்னஞ்சலையே எழுதியிருக்கிறான்! கிளையில் கேட்டால் மிஷின் கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். மிஷின் கம்பெனியோ கிளையைக் கேளுங்கள் என்றது. கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, மிஷின் சமாச்சாரம் எல்லாம் நாங்க பாக்குறது இல்ல" என்றார். சித்திரை வெயிலில் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்ற அத்தைக்கு உட்காரச் சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

சார்ஜ் ஸ்லிப்பின் மேற்பகுதியில் MID, TID என்று இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதலாவது வணிகருடையது, இரண்டாவது அந்த மிஷினுடையது. இரண்டையும் எழுதி, "விண்ணப்பப் படிவத்தின் நகலும் கார்டு வாரியான கட்டண அறிக்கையும் வேண்டும்" என்று வங்கியின் வணிகர் சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது.

படிவம் வந்ததும் விஷயம் புரிந்தது. ஆண்டு விற்றுமுதல் என்ற கட்டத்தில் 25 லட்சம் என்று எழுதியிருந்தது. அது அத்தையின் கையெழுத்தே இல்லை. கடையின் உண்மையான விற்றுமுதல் 17 லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த ஒரு கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் போட்ட உத்தரவு 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. முந்தைய நிதியாண்டில் விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள சிறு வணிகருக்கு, மிஷினில் தேய்க்கும் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதைத் தாண்டியவர்களுக்கு 0.90 வரை போகலாம். ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் யாரிடமும் எதுவும் பிடிக்கக் கூடாது. கிரெடிட் கார்டுக்கு இந்த மாதிரி உச்சவரம்பு கிடையாது, ஒப்பந்தத்தில் உள்ளதுதான். ரூபே என்று போட்டிருந்தாலும் அது கிரெடிட் கார்டாக இருந்தால் இந்தச் சலுகை வராது என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன். ரூபே டெபிட்டில் 20,000 ரூபாய் விற்பனை. 180 ரூபாய் பிடித்திருந்தார்கள், பிடிக்க வேண்டியது பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளில் 40,000. பிடித்தது 360, பிடிக்க வேண்டியது 160. கிரெடிட் கார்டில் 30,000. 1.8 சதவீதக் கணக்கில் 540. மிஷின் வாடகை 500. ஆக 1,580 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதில் விதியை மீறியது 180-ம் 200-ம் சேர்ந்த 380 ரூபாய்.

"மொத்தத்தையும் கேளுய்யா, வாடகையே இல்லன்னுதானே சொன்னான்" என்றார் அத்தை. அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் படிவத்தில் வாடகை 500 என்று அச்சாகி, கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. வாய்வார்த்தைக்குச் சாட்சி இல்லை. கிரெடிட் கார்டையும் வாடகையையும் சேர்த்துக் கேட்டால், அந்த இரண்டைக் காட்டியே மொத்தப் புகாரையும் மறுபடி மூடிவிடுவார்கள். அதனால் வாடகையை இனிமேலாவது தள்ளுபடி செய்யச் சொல்லித் தனிக் கடிதமாக வைத்தோம்.

புதிய புகாரில் கோபத்துக்கு இடமே வைக்கவில்லை. மேலே பழைய புகார் எண், MID, TID. பிறகு இப்படி: "என் கடை 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு வணிகர் பிரிவில் வருகிறது. ஆனால் டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதம் பிடிக்கப்பட்டுள்ளது. ரூபே டெபிட்டுக்கும் கட்டணம் பிடிக்கப்பட்டுள்ளது. மாதவாரிக் கணக்கு இணைப்பில் உள்ளது. அதிகப்படித் தொகையையும் அதன் மேல் பிடித்த ஜிஎஸ்டியையும் திருப்பித் தந்து, என் பிரிவையும் மின்னஞ்சலையும் திருத்தவும்."

கிளையில் கொடுக்கப் போனால் புதுத் தடங்கல். விற்றுமுதலுக்கு ஜிஎஸ்டி சான்றிதழ் வேண்டுமாம். சரக்கு விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அத்தையிடம் பதிவே இல்லை. "அப்ப விற்றுமுதலை நாங்க எப்படி நம்புறது?" என்று கேட்டார் அந்தக் கவுண்டர்காரர். நல்லவேளை, அத்தை வருடாவருடம் வருமானவரி ரிட்டர்ன் போட்டு வருகிறார். அதில் மொத்த விற்றுமுதல் தெளிவாக இருக்கும். ஒப்புகைச் சீட்டோடு இரண்டு வருட நகலையும் வைத்த பிறகு வாங்கிக்கொண்டார். எங்கள் பிரதியில் சீல் போட மட்டும் மனம் வரவில்லை. மேலாளர் அறைக்குள் போய்த்தான் சீலும் தேதியும் வாங்கினோம். அந்தத் தேதியை விடக் கூடாது. அதிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புகாரின் கடைசி வரியில் இதையும் எழுதியிருந்தேன்.

ரூபேக்குப் பிடித்தது முழுசாகத் திரும்பி வந்தது. டெபிட் கட்டணத்தை இனிமேல்தான் குறைப்போம், பழசைத் தர முடியாது என்றார்கள். முந்தைய நிதியாண்டின் விற்றுமுதலை வைத்துத்தான் பிரிவு முடிவாகிறது, ரிட்டர்னை ஏற்றுக்கொண்ட நீங்கள் அந்த வருடங்களுக்குப் பிடித்ததை மட்டும் எப்படி வைத்துக்கொள்ள முடியும் என்று இன்னொரு கடிதம் போட்டோம். அதுவும் ஜிஎஸ்டியோடு வரவானது. குறுஞ்செய்தியை அத்தை கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினார்.

வாடகை மட்டும் அசையவில்லை. அதனால் அந்த மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லை என்று எழுத்தில் தரும் வேறு வங்கியில் வாங்கப் போகிறார். மிஷினை எடுக்க வருபவரிடம் தேதியும் TID-யும் போட்ட ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். வங்கிக் கணினியில் இணைப்பு மூடப்படாதவரை வாடகை பிடித்துக்கொண்டே இருக்கும்.