செக்யூரிட்டி சூப்பர்வைசர் ரெஸ்யூமில் லைசென்ஸ், சம்பவப் பதிவு, ஷிப்ட் கணக்கு: நாங்கள் சரிபார்த்த விதம்

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு செக்யூரிட்டி சூப்பர்வைசர் தேவைப்பட்டார். விளம்பரத்தில் கண்டிப்பாகக் கேட்டவை மூன்று: லைசென்ஸ், சம்பவப் பதிவேடு எழுதிய அனுபவம், மூன்று ஷிப்டுக்கும் ஆள் போடத் தெரிந்திருப்பது. வந்தவற்றில் ஒரு ரெஸ்யூம் மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுக்கும் பொருந்தியது. முன்னாள் ராணுவத்தினர், அதன்பின் எட்டு வருடம் தனியார் காவல் பணி. அதை வரிவரியாகப் படித்தபோது கவனித்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

"பசாரா லைசென்ஸ் உள்ளது" என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. இந்த வரி பாதி ரெஸ்யூம்களில் வரும். பசாரா எனப்படும் 2005ஆம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அந்த லைசென்ஸ் ஏஜென்சிக்குத்தான், தனி ஆளுக்குக் கிடையாது. அதற்காக இவர் பொய் சொல்கிறார் என்று தள்ளிவிடக் கூடாது. பெரும்பாலும் பயிற்சிச் சான்றிதழையோ, ஏஜென்சி கொடுத்த போட்டோ அடையாள அட்டையையோதான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த இரண்டையும், போலீஸ் சரிபார்ப்பு அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும்.

சான்றிதழைப் பார்க்கும்போது பலரும் தடுமாறும் இடம் பயிற்சி நேரம். மத்திய மாதிரி விதிகளில் புதிய காவலருக்கு வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் அது 40, 16 என்று குறைகிறது. எனவே இவருடைய சான்றிதழில் பயிற்சி சில நாளிலேயே முடிந்திருப்பது சந்தேகத்துக்குரியதல்ல, சரியானதே. ராணுவப் பணி இல்லாத ஒருவரிடம் அதே குறுகிய பயிற்சி இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். துப்பாக்கி லைசென்ஸும் போட்டிருந்தார். இந்த வேலைக்கு ஆயுதம் தேவையில்லை என்பதால் அதற்கு நாங்கள் மதிப்பெண் தரவில்லை.

அடுத்து சம்பவப் பதிவு. "பல திருட்டுகளைத் தடுத்தேன்" என்ற வரியை வைத்து எதையும் கணிக்க முடியாது. அதற்குக் கீழே இருந்த வரிதான் பயன்பட்டது: வெளியே போகும் டிரெய்லரின் சீல் எண் கேட் பாஸில் இருந்த எண்ணோடு பொருந்தாததால் வண்டியை கேட்டிலேயே நிறுத்தி, மேனேஜருக்குச் சொல்லி, போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கியது. யார்டில் நடக்கும் வேலை தெரிந்தவர் மட்டுமே இப்படி எழுதுவார்.

ஆனால் ஒருவர் சம்பவத்தைக் கையாண்டதும் பதிவேட்டில் எழுதியதும் வேறு வேறு. நேர்முகத்தில் அதே சம்பவத்தை அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்வது நல்லது. யார் முதலில் பார்த்தார், எத்தனை மணிக்கு, வண்டி எண், நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட முழு கன்டெய்னர் எண், யாருக்கு எப்போது தகவல் போனது, கடைசியில் என்ன ஆனது என்று வரிசையாக வர வேண்டும். "டிரைவர் திருட்டுத்தனமாக நடந்துகொண்டார்" என்று ஊகத்தைப் பதிவாக எழுதினால் பிறகு விசாரணையில் அந்தப் பதிவு நிற்காது. இன்னொன்று, பழைய கம்பெனியின் பதிவேட்டை போனில் படம் எடுத்து வந்து காட்டினால் அது குறைதான். நாளைக்கு நம் பதிவேடும் அப்படித்தான் வெளியே போகும்.

நாங்கள் அதிக நேரம் செலவிட்டது ஷிப்ட் வரியில். "6 பாயின்ட், 24 மணி நேரம், 8 மணி ஷிப்ட், 18 காவலர்கள், ஆள் குறைவே இல்லாமல் நடத்தினேன்" என்று இருந்தது. பாயின்ட் என்றால் ஒரு காவலர் நிற்கும் இடம். ஆறு பாயின்ட்டுக்கு மூன்று ஷிப்ட், பதினெட்டுப் பேர். கணக்கு சரி போலத் தெரியும். வாராந்திர விடுப்பைச் சேர்த்தால்தான் ஓட்டை தெரிகிறது. ஒரு பாயின்ட்டுக்கு வாரத்தில் 168 மணி நேரம், ஆறுக்கு 1,008. ஒருவர் வாரம் 48 மணி நேரம் பார்த்தால் 21 பேர் வேண்டும். லீவு, காய்ச்சல், பண்டிகை இதற்கு மேலே. 18 பேரை வைத்து ஓட்டினால் வாரத்துக்கு 144 மணி நேரம், அதாவது 18 ஷிப்ட் பாக்கி. அதை யார் பார்த்தார்கள்?

மூன்று விதமான பதில் வரலாம். ஏஜென்சி ரிலீவர் அனுப்பியிருந்தால் நல்லது; சூப்பர்வைசருக்கு அந்த ஏற்பாடு தெரிந்திருக்கும். காவலர்கள் வார லீவே எடுக்காமல் ஏழு நாளும் வந்திருக்கலாம். இல்லையென்றால் டபுள் டியூட்டி, தொடர்ந்து 16 மணி நேரம். கடைசி இரண்டும் நடந்த இடத்தில் விடிகாலை கேட்டில் தூக்கம் பிடிக்கும், சீல் பார்க்காமலே வண்டி போகும். பதிவேட்டில் அந்த நேரத்து வரிகள் ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், மொத்தமாக நிரப்பப்பட்டிருக்கும்.

இந்த ரெஸ்யூமை நேர்முகத்துக்கு எடுத்துவைத்தோம். ஓரத்தில் எழுதிய குறிப்பு: பயிற்சிச் சான்றிதழின் அசல் கொண்டுவரச் சொல்லவும், சீல் சம்பவத்தை எழுதவைக்கவும், நம் யார்டின் ஆறு பாயின்ட்டுக்கு ஒரு வார டியூட்டி சார்ட் போடச் சொல்லி, இரண்டாம் நாள் நைட் ஷிப்டில் ஒருவர் வரவில்லை என்று சொல்லிப் பார்க்கவும்.