MIRO-வில் பில் ஏறிவிட்டது, பேமென்ட் மட்டும் R-இல் நிற்கிறது

கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில் பேயபிள்ஸ் பார்க்கிறேன். எஸ்.ஏ.பி.யில் விலை வித்தியாசத்தால் ஒரு பில் நின்றால், உடனே வரும் போன் பெரும்பாலும் "பில் போஸ்ட் ஆகலையாமே?" என்றுதான் இருக்கும். போஸ்ட் ஆகிவிட்டது என்பதை முதலில் புரியவைக்க வேண்டும். பில் பதியும் திரையான MIRO-வில் பதிவாகி, சப்ளையர் கணக்கில் தொகை ஏறி, ஜி.எஸ்.டி. கிரெடிட்டும் புத்தகத்துக்கு வந்துவிடும். பேமென்ட் பிளாக் என்ற கட்டத்தில் R விழுந்திருக்கும், அவ்வளவுதான். பேமென்ட் ரன் அந்தப் பில்லைத் தாண்டிப் போய்விடும்.

சமீபத்தில் ஒரு பவுண்டரியின் பில் இப்படி மாட்டியது. பம்பின் வெளிக்கூட்டுக்கான வார்ப்பு, 500 எண்ணம். பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில், விலை 412 ரூபாய், பில்லில் 428. வரி சேர்த்து மொத்தம் 2,52,520 ரூபாய். எங்கள் சிஸ்டத்தில் விலைக்கான டாலரன்ஸ் (PP என்ற கீ, OMR6-இல் வைப்பது) மேல்பக்கம் இரண்டு எல்லைகளாக இருக்கிறது: 2 சதவீதம், ஒரு ஐட்டத்துக்கு 1,000 ரூபாய். இரண்டில் எதைத் தாண்டினாலும் R விழும். இங்கே ஒரு எண்ணத்துக்கு 16 ரூபாய் அதிகம், கிட்டத்தட்ட 3.9 சதவீதம். மொத்தமாக 8,000 ரூபாய். இரண்டுமே தாண்டிவிட்டன.

வித்தியாசத்தைப் பார்த்ததும் நான் பர்ச்சேஸுக்குப் போன் போடுவதில்லை. முதலில் பில் விலையை பி.ஓ. விலையால் வகுத்துப் பார்ப்பேன். சரியாக 1.18 வந்தால் வரியையும் அடிப்படைத் தொகையில் சேர்த்து அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். 100 வந்தால் ஒரு எண்ணத்துக்கு என்று இருக்க வேண்டிய விலை பி.ஓ.வில் "100 எண்ணத்துக்கு" என்று இருக்கும், 0.01 வந்தால் நேர்மாறாக. வேறு ஏதோ ஒழுங்கில்லாத எண் வந்தால் லாரி வாடகையை விலையோடு கலந்திருக்கிறார்களா என்று பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பில்லில் அப்படி எதுவும் இல்லை. இது நிஜமான விலை உயர்வு.

ME23N-இல் பி.ஓ.வைத் திறந்தேன். கண்டிஷன்ஸ் டேபில் அடிப்படை விலையான PB00 பழைய 412-லேயே இருந்தது. பர்ச்சேஸில் இருக்கும் அண்ணனிடம் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. இரும்பு விலை ஏறியதால் பவுண்டரியோடு பேசி, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு அனுப்பும் சரக்குக்கு 424 என்று மெயிலில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பி.ஓ.வில் ஏற்றவில்லை. பவுண்டரிக்காரர் கேட்டது 428. பேரம் முடிந்தது 424-இல். பில் போட்டவருக்கு அது போய்ச் சேரவில்லை. ஆக 16 ரூபாயில் 12 எங்கள் பக்கத்துக் கோளாறு, 4 அவர்கள் பக்கத்தது. பெரும்பாலான விலைப் பிளாக்குகளில் இப்படி இரண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கும் என்பது என் அனுபவம்.

எங்கள் 12 ரூபாயை முதலில் முடித்தோம். மெயிலை பி.ஓ.வோடு இணைத்து, ME22N-இல் விலையை 424 ஆக்கினார்கள். மதிப்பு கூடியதால் பி.ஓ. மறுபடி ரிலீஸுக்குப் போனது. மேனேஜர் கையெழுத்து இல்லாமல் இது நகராது, நகரவும் கூடாது. ரிலீஸ் ஆனதும், பிளாக் ஆன பில்களை விடுவிக்கும் MRBR-ஐத் தானியங்கி ரிலீஸ் முறையில் ஓட்டினேன். பிளாக் செய்த காரணம் இன்னும் இருக்கிறதா என்று அது திரும்பச் சோதிக்கும். போயிருந்தால் R-ஐ எடுத்துவிடும்.

எடுக்கவில்லை.

"424-க்கு 428, ஒரு பர்சென்ட் கூட இல்லையே, ஏன் நிக்குது?" என்று அண்ணன் கேட்டார். 0.94 சதவீதம்தான். ஆனால் 500 எண்ணத்துக்கு 4 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். 1,000 ரூபாய் எல்லை அதைப் பிடித்துக்கொண்டது. அந்த எல்லையை ஏற்றிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சதவீதம் மட்டும் காவல் இருந்தால், 50 லட்ச ரூபாய்ப் பில்லில் ஒரு சதவீதம், அதாவது 50,000 ரூபாய், யார் கண்ணிலும் படாமல் போகும். FB02-இல் போய் R-ஐ அழித்துவிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். சிஸ்டம் அனுமதித்தாலும், யார் எதை ஒத்துக்கொண்டு பணம் கொடுத்தோம் என்று ஆடிட்டர் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

மீதி 4 ரூபாய்க்கு பவுண்டரியின் கணக்காளரைக் கூப்பிட்டேன். "சார், அந்தப் பில்லைக் கேன்சல் பண்ணிட்டு புதுசு போட்டுத் தரட்டுமா?" என்றார். இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் போர்ட்டலில் ரத்து செய்ய முடியும். அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. எனவே கிரெடிட் நோட்: 2,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத வரி 360, மொத்தம் 2,360. அந்தப் பில் நம்பரைக் குறிப்பிட்டு, வரியோடு போட்டு, அவர்கள் ரிட்டர்னில் காட்டச் சொன்னேன். பில்லை முதலிலேயே 424-க்குக் குறைத்துப் பதிவதும் சில இடங்களில் வழக்கம், பிளாக் விழாதுதான். ஆனால் சப்ளையர் காட்டிய பில்கள் வரும் GSTR-2B-யில் 2,14,000 என்றும் புத்தகத்தில் 2,12,000 என்றும் நிற்கும். மாதக்கடைசியில் அதைப் பொருத்த உட்காருபவரும் நான்தான்.

கிரெடிட் நோட்டை MIRO-வில் பதிவதில்தான் கவனம் வேண்டும். மேலே டிரான்ஸாக்‌ஷன் பட்டியலில் Credit memo என்றும் Subsequent credit என்றும் இரண்டு இருக்கும். Credit memo-வை எடுத்து 500 எண்ணம் போட்டால், அந்த 500-க்கும் பில் திரும்பப் போனதாக பி.ஓ. ஹிஸ்டரி காட்டும், சரக்கு வரவையும் பில்லையும் பொருத்தும் ஜி.ஆர்./ஐ.ஆர். கணக்கு திறந்து நிற்கும். நமக்குச் சரக்கு எண்ணிக்கையில் சண்டையில்லை, விலையில்தான். அதனால் Subsequent credit, 500 எண்ணம், 2,000 ரூபாய். எண்ணிக்கை அப்படியே இருக்க, மதிப்பு மட்டும் குறையும். இந்த வார்ப்பு ஸ்டாண்டர்ட் விலையில் இருக்கும் பொருள் என்பதால் முதலில் பில் பதிந்தபோது 8,000 ரூபாய் விலை வித்தியாசக் கணக்குக்குப் போயிருந்தது. இப்போது அது 6,000 ஆனது. அந்த 6,000, பேசி ஒத்துக்கொண்ட 12 ரூபாய் உயர்வு.

பிறகு பில், விலை மெயில், கிரெடிட் நோட் மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். அதிகாரமுள்ளவர் MRBR-இல் அந்த வரியைத் தேர்ந்து ரிலீஸ் கொடுத்தார். அடுத்த பேமென்ட் ரன்னில் 2,50,160 ரூபாய் போனது. பவுண்டரி பதிவு பெற்ற சிறு நிறுவனம். அவர்களுக்குச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளில் பணம் போக வேண்டும், R நிற்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. அதனால்தான் கிரெடிட் நோட்டுக்காக அவரை விடாமல் துரத்தினேன்.

கடைசியாக ME13-ஐத் திறந்து பார்த்தால், சப்ளையரின் விலையை வைத்திருக்கும் இன்ஃபோ ரெக்கார்டில் இன்னும் 412. பி.ஓ.வைத் திருத்தியது அந்த ஒரு பி.ஓ.வுக்கு மட்டும்தான், அடுத்த பி.ஓ. இன்ஃபோ ரெக்கார்டிலிருந்து பழைய விலையை எடுத்துக்கொண்டு வந்து, அடுத்த பில்லும் இதே இடத்தில் நின்றிருக்கும். அண்ணன் ME12-இல் 424-ஐ அமலுக்கு வரும் தேதியோடு ஏற்றினார். ஏற்கனவே போட்டு, சரக்கு வராமல் இருந்த பி.ஓ.க்களை அது தானாக மாற்றாது. அவற்றை ME2L-இல் சப்ளையர் வாரியாக எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருத்தி மறுபடி ரிலீஸுக்கு அனுப்பினார்கள்.