“எல்லாத்தையும் ஒரே ட்ரான்சாக்சனுக்குள்ள வச்சிரவாண்ணே?”

என்னோடு வேலை பார்க்கும் பெண் போனில் கேட்டது இந்த ஒரு கேள்விதான். கானாடுகாத்தானில் கல்யாண வீடு. வளவில் நின்றால் சிக்னல் கிடைக்காது என்று முகப்புக்கு வந்து பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே மறுநாள் பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். “வச்சிரும்மா, பாதியில நின்னா வம்பு” என்றேன். ஐந்தாறு மாதமாகியும் அந்த “வச்சிரும்மா” காதை விட்டுப் போகவில்லை.

காரைக்குடியில் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள்தான் மென்பொருள். யார் எந்தத் திரையை எப்போது திறந்தார்கள் என்று குறித்துவைக்கும் ஒரு டேபிளில் ஏறத்தாழ 6 கோடி ரெக்கார்டுகள் சேர்ந்திருந்தன. அதில் 3.8 கோடி பழையவை, இனி யாருக்கும் தேவையில்லாதவை. ஒரே டெலிட்டில் அழிக்கக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எஸ்கியூஎல் சர்வரில் ஒரே கட்டளை ஒரு டேபிளில் 5000 பூட்டுகளை எட்டினால், தனித்தனிப் பூட்டுகளை விட்டுவிட்டு டேபிளையே பூட்டப் பார்க்கும். அப்படிப் பூட்டிவிட்டால் வேறு யாரும் அதில் ஒரு வரிகூட எழுத முடியாது. அதனால் 4000, 4000 ஆக அழிப்பது, நடுவில் அரை நொடி ஓய்வு. மொத்தம் 9500 தொகுப்புகள், தொகுப்புக்கு முக்கால் நொடிக்குச் சற்று மேல். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

அவள் எழுதியது இது:

```sql
SET XACT_ABORT ON;
DECLARE @n int = 1;
BEGIN TRAN;
WHILE @n > 0
BEGIN
  DELETE TOP (4000) FROM dbo.ViewAudit
  WHERE ViewedAt < '2019-01-01';
  SET @n = @@ROWCOUNT;
  WAITFOR DELAY '00:00:00.500';
END
COMMIT;
```

பார்த்தால் சரியாகத்தான் தெரியும். தொகுப்பு இருக்கிறது, ஓய்வு இருக்கிறது. ஆனால் ட்ரான்சாக்சனைத் தொடங்கும் BEGIN TRAN சுற்றுக்கு வெளியே இருக்கிறது. அதனால் சர்வரின் கண்ணுக்கு இது 9500 சிறு வேலைகள் அல்ல, முடியாத ஒரே பெரிய வேலை. ஒவ்வொரு டெலிட்டையும் தனியாக எண்ணுவதால் 5000 வரம்பை எதுவும் தொடவில்லை. ஆனால் வாங்கிய பூட்டுகளில் ஒன்றையும் அது திருப்பித் தரவுமில்லை. பழைய ரெக்கார்டுகளை யாரும் தொடாததால் எவருக்கும் தடங்கல் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே பிடித்திருப்போம்.

அடிபட்டது லாக் ஃபைல், ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் எழுதிவைக்கும் இடம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாக் பேக்கப் ஓடியது, தவறாமல் வெற்றி என்றும் காட்டியது. ஆனால் பேக்கப் எடுப்பது வேறு, அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தக் கொடுப்பது வேறு. திறந்திருக்கும் மிகப் பழைய ட்ரான்சாக்சன் எங்கே தொடங்கியதோ அங்கிருந்து இதுவரை எழுதிய லாக் எதையும் சர்வர் விடுவிக்காது, ஒருவேளை திருப்ப வேண்டிவந்தால் அது வேண்டுமே. திருப்புவதை எழுதவும் இடம் வேண்டும் என்று அதற்காகவும் லாக்கில் முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளும். எங்கள் கணக்கில் ஒரு ரெக்கார்டை அழிக்க, அதன் இண்டெக்ஸ்களையும் சேர்த்து, முக்கால் கேபிக்குப் பக்கம் லாக். லாக் டிஸ்க் 30 ஜிபி. இரவு 10.15-க்குத் தொடங்கியது, 2 கோடியைக் கொஞ்சம் தாண்டியதும் 11.25-க்கு நிறைந்துவிட்டது.

நடுவில் இரண்டு முறை போன் செய்தாள். “ஒரு கோடி போயிருச்சுண்ணே.” எனக்குச் சந்தோஷம். அவள் எண்ணிப் பார்த்தது வேறு விண்டோவில், NOLOCK போட்டு. NOLOCK போட்டால் பூட்டுக்குக் காத்திருக்காமல் அழிந்தவரை அழிந்ததாகவே காட்டும், கமிட் ஆகியிருக்க வேண்டியதில்லை. “அந்த விண்டோல இதையும் போட்டுப் பாரும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்:

```sql
SELECT log_reuse_wait_desc FROM sys.databases
WHERE name = DB_NAME();
```

ACTIVE_TRANSACTION என்று வந்திருக்கும், திறந்திருக்கும் ட்ரான்சாக்சன்தான் லாக்கைப் பிடித்துவைத்திருக்கிறது என்று. நான் கேட்கவில்லை. எண்ணிக்கை குறைகிறதே என்று உள்ளே போய்விட்டேன்.

லாக் நிறைந்துவிட்டது என்ற 9002 பிழை வந்ததும், பிழை வந்தால் எல்லாவற்றையும் திருப்பச் சொல்லும் XACT_ABORT முதல் வரியில் இருந்ததால், 2 கோடியையும் சர்வர் திருப்ப ஆரம்பித்தது. லாக் நிறைந்தால் அந்த டேபிள் மட்டுமல்ல, அந்த டேட்டாபேசில் எந்த எழுத்தும் நடக்காது. இரவு மருந்தகக் கவுன்டரில் பில் வரவில்லை. அங்கிருந்தவர்கள் நல்ல மனிதர்கள். தாளில் எழுதி மருந்தைக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் சீட்டை நீட்டிக்கொண்டு யாரோ ஒருவர் நின்றிருப்பார் என்ற எண்ணம் போகவில்லை.

“ரோல்பேக் முடியட்டும், பொறு” என்றேன். அதில் நாற்பது நிமிடம் போயிற்று. பிறகுதான் வேறு டிஸ்க்கில் இரண்டாவது லாக் ஃபைல் சேர்க்கலாம் என்று தோன்றியது. `ALTER DATABASE ... ADD LOG FILE`, அவ்வளவுதான். சேர்த்ததும் பில் ஓடியது. ரோல்பேக் தன்பாட்டுக்கு இரண்டரை மணி வரை போயிற்று. கையில் லேப்டாப் இல்லை, கல்யாண வீடு, நடுராத்திரி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டளைக்கு லேப்டாப் வேண்டியதில்லை, போனில் சொன்னால் போதும். சொன்னதும் போனில்தான்.

அவள் கேட்ட “எல்லாத்தையும்” என்பதை ஒரு தொகுப்பின் எல்லா ரெக்கார்டுகளையும் என்று நான் எடுத்துக்கொண்டேன் என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். இப்போது அது உண்மையா என்று எனக்கே உறுதியில்லை. பாதி வேலை நிற்கக்கூடாது என்று நான்தான் அவளுக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். பில்லுக்கு அது சரி. தொகை பதிவாகி இருப்பு குறையாமல் நின்றால் கணக்கே பொய். ஆனால் பழையதை அழிப்பதில் பாதி என்பதே கிடையாது. 4000 போனால் 4000 போனதுதான். நின்ற இடத்திலிருந்து மறுநாள் அதே கட்டளையை ஓட்டலாம். இந்த வித்தியாசத்தை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் BEGIN TRAN இல்லாமல் ஓட்டினோம். அதோடு, தேதியைத் தேடிப் போகாமல், கிளஸ்டர்டு கீயான `Id` வரம்பாக நகரும்படி மாற்றினோம். அந்தத் தேதியில் இண்டெக்ஸ் இல்லை. அழிய வேண்டியவை தீர்ந்தபின் வரும் கடைசிச் சுற்று, இன்னும் ஏதும் இருக்கிறதா என்று மிச்சம் 2 கோடியையும் படித்துப் பார்க்கும். பதினைந்து நிமிடத்துக்கு 3 ஜிபி அளவில் லாக் ஏறியது, பேக்கப் முடிந்ததும் இடம் திரும்பியது. 4 ஜிபியைத் தாண்டவே இல்லை.

மருத்துவமனை மேலாளர் காரணம் கேட்டபோது “ஸ்கிரிப்ட்டில் ஒரு பிழை சார்” என்றேன். பொய்யில்லை. அவள் பக்கத்தில் நின்றாள், ஒன்றும் பேசவில்லை. ஸ்கிரிப்ட் யாருடையது என்று அவருக்குத் தெரியும். யார் சரி என்று சொன்னது என்பது தெரியாது.

போன வாரம் அவள் வேறொன்று கேட்டாள். தலைப்பு டேபிளும் அதன் விவர டேபிளும் சேர்ந்து அழிய வேண்டும், பெரியது. “இதுல பாதி நின்னா தப்புதானேண்ணே?” ஒவ்வொரு தொகுப்பிலும் விவரத்தையும் அதன் தலைப்பையும் ஒரே ட்ரான்சாக்சனில் வைத்து, தொகுப்புக்குத் தொகுப்பு கமிட் செய்யலாம் என்றேன். சொல்லிவிட்டு, எழுதியதை ஓட்டுமுன் எனக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். மூன்று முறை படித்தேன். இன்னும் “சரி” என்று பதில் போடவில்லை.