சிகரெட்டையும் சரக்கையும் ஏன் ஒரே வாரத்தில் விட்டேன்

"மொதல்ல சிகரெட்ட விடு, குடிய அப்புறம் பாத்துக்கலாம்" என்று பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேர் குடியை விட்டால் போதும், சிகரெட் தானாகக் குறையும் என்பார்கள். நான் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவன். இரண்டுமே எனக்கு நிற்கவில்லை. டாக்டர் மேற்பார்வையில் இரண்டையும் சேர்த்து நிறுத்தியபோதுதான் நின்றது. அது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ரொம்பக் காலம் ஆனது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கோவையில் லேத் பட்டறையில் வேலை. சாதாரண நாளில் ஒரு பாக்கெட், அதாவது பத்து சிகரெட். வாரத்தில் பாதி நாளுக்கு மேல் சாயங்காலம் ஒரு குவார்ட்டர். குடிக்காத நாளில் மணிக்கு ஒன்று என்று போகிற சிகரெட், கிளாஸ் கையில் இருக்கும்போது ஒன்று அணைவதற்குள் அடுத்ததற்குக் கை போகும், பாருக்குள்ளேயே இரண்டாவது பாக்கெட் பிரிந்துவிடும். இதைப் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பழக்கம் மட்டும் இல்லை.

முதலில் சிகரெட்டை மட்டும் விட்டேன். பட்டறையில் பகல் முழுக்கச் சமாளித்துவிட முடிந்தது. எரிச்சல் வரும், யாரிடமாவது கத்துவேன், ஆனால் அந்த ஆசை ஐந்து பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் இறங்கிவிடும். சனிக்கிழமை சாயங்காலம்தான் எல்லாம் போகும். முதல் அறுபது உள்ளே போகிறவரை உறுதியாக இருப்பேன், இரண்டாவது ஊற்றும்போது எதிரில் இருக்கிறவன் பற்றவைப்பான், "ஒண்ணே ஒண்ணு மாப்ள" என்று நீட்டுவான், வாங்கிவிடுவேன். காலையில் வேண்டாம் என்று முடிவெடுத்த மூளையும் அந்த நேரத்தில் இருக்கிற மூளையும் ஒன்றல்ல. மது முதலில் தளர்த்துவதே அந்தக் கட்டுப்பாட்டைத்தான். அந்த ஒன்றோடு முடிந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் காலை பல் துலக்குவதற்கு முன்பே உடம்பு பழையபடி கேட்க ஆரம்பித்துவிடும், ஒரு வாரம் பட்ட பாடு ஒரே ராத்திரியில் வீண்.

அப்புறம் குடியை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். அது வேறு மாதிரி. குடிக்கிற நேரம் வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் சிகரெட்டாகப் பிடித்தேன், அந்த நாட்களில்தான் என் வாழ்க்கையிலேயே அதிகமாகப் புகைத்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு பெட்டிக்கடை வாசலில் நின்று இழுக்கும்போது தொண்டையில் அந்தப் புகை பட்டதும் நாக்கு இன்னொன்றைத் தேடும். பல வருஷமாக இரண்டும் ஒரே நேரத்தில் உடம்புக்குள் போயிருக்கின்றன. ஒன்று போனதும் மற்றது எங்கே என்று கேட்கும்.

இதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரி கூட்டிக்கொண்டுபோய் அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் உட்காரவைத்தார். அங்கே இருந்த டாக்டரம்மா திட்டவே இல்லை, வரிசையாகக் கேள்விதான் கேட்டார். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் சிகரெட்? குடிக்காத நாள் காலையில் கை நடுங்குமா, வியர்க்குமா? எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? பிறகு குவார்ட்டர் கணக்கை அவரே போட்டுக் காட்டினார். குவார்ட்டர் என்றால் 180 மில்லி, நம் ஊர் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், ஆக ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால் அது ஆறு அளவு. "நீங்க ஒரு குவார்ட்டர்னு சொல்றீங்க, நான் ஆறுன்னு எழுதுறேன்" என்றார்.

அவர் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூளையில் இன்பத்தைத் தூண்டுகிற டோபமைனை நிகோட்டினும் கூட்டுகிறது, மதுவும் கூட்டுகிறது, இரண்டும் சேரும்போது தனித்தனியாகக் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கிறது. அதனால்தான் கிளாஸ் இல்லாத சிகரெட்டும் சிகரெட் இல்லாத கிளாஸும் சப்பென்று இருக்கிறது. அது மட்டும் இல்லை. மது மந்தமாக்கும், தூக்கம் வரவைக்கும். நிகோட்டின் அந்த மந்தத்தைக் கலைத்துவிடும். இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று தோன்றும், அடுத்ததை ஊற்றுவோம். உண்மையில் போதை குறைந்திருக்காது, அது தெரிவதுதான் குறைந்திருக்கும். அடுத்து, தொடர்ந்து அதிகம் குடிக்கிறவர்களின் கல்லீரல் நிகோட்டினைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடுகிறதாம், அதனால் சிகரெட் ஆசையும் அவர்களுக்குச் சீக்கிரம் திரும்பி வரும். நான் "எனக்கு மன உறுதி இல்லை" என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி இதுதான்.

இரண்டையும் ஒன்றாக விட்டால் தாங்குமா என்று கேட்டேன். சிகரெட்டையும் சேர்த்து விட்டால் குடி திரும்பிவிடும் என்ற பயம் முன்பு டாக்டர்களுக்கே இருந்ததாம், இப்போது அப்படிப் பார்ப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு அது உதவியாகவே இருக்கிறது என்றார். ஆனால் ஒரு எச்சரிக்கை கொடுத்தார், அதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சிகரெட்டை யார் வேண்டுமானாலும் எந்த நாளிலும் சட்டென்று நிறுத்தலாம், கஷ்டப்படுத்தும், உயிரை எடுக்காது. தினமும் நிறையக் குடிக்கிறவர் மதுவை அப்படி வீட்டில் உட்கார்ந்து தானாக நிறுத்தக் கூடாது. கடைசி கிளாஸுக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்றாம் நாளில் புத்தி குழம்பி இல்லாதது தெரிவது, காதில் பேச்சுக் கேட்பது என்று போகலாம். அது உயிருக்கு ஆபத்து.

எனக்குக் காலையில் லேசான நடுக்கம் இருந்தது, வலிப்பு வந்ததில்லை. அதனால் படுக்கையில் சேர்க்காமல், ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, நாளுக்கு நாள் அளவு குறைத்துக்கொண்டே போகிற மாத்திரையும் தயமின் என்கிற வைட்டமின் பி1-உம் கொடுத்தார். மாத்திரைச் சீட்டு என் கையில் இல்லை, வீட்டுக்காரியிடம். அந்த மாத்திரையோடு குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம் என்று இருவரையும் உட்காரவைத்துச் சொல்லி அனுப்பினார். பட்டறையில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு திங்கட்கிழமை இரண்டையும் நிறுத்தினேன்.

அந்த வாரத்தில் பெரிய குழப்பம் எது எதனால் வருகிறது என்பதுதான். தூக்கம் இல்லை, எரிச்சல், படபடப்பு, இதெல்லாம் இரண்டுக்கும் பொது. கை நடுக்கம், கொட்டுகிற வியர்வை, வாந்தி, இவை மதுவின் கணக்கு, கூடிக்கொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரி. பசி கூடுவது, கவனம் நிற்காதது, வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று அலைவது, இவை சிகரெட்டின் கணக்கு, இவற்றுக்கு நிகோட்டின் சூயிங்கம். இப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்ததால்தான் எந்த நேரத்தில் என்ன செய்வது என்று வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்தது.

சூயிங்கம்மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலர் அதைத் தப்பாக மென்றுவிட்டு வேலைக்கு ஆகவில்லை என்கிறார்கள். எழுந்த அரை மணிக்குள் பற்றவைக்கிறவன் என்பதால் எனக்கு 4 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார், மற்றவர்களுக்கு 2 போதும். அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மெல்லக் கூடாது. சில தடவை மென்றதும் காரமாக, மிளகு மாதிரி சுருக்கென்று ஏறும், அப்போது நிறுத்தி கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். சுருக் போனதும் மறுபடி மெல்லலாம். அரை மணி நேரம் இப்படியே. நிகோட்டின் வாய்த்தோல் வழியாக ஏறுவது, எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி, சோடா, ஜூஸ் குடித்து கால் மணி நேரமாவது ஆன பிறகே போட வேண்டும், வாயில் புளிப்பு இருந்தால் ஏறாது.

காபி இன்னொரு விஷயம். குடியும் சிகரெட்டும் இல்லாத சாயங்காலத்தை நான் காபியால் நிரப்பினேன், ராத்திரி முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. மது விட்டதால் என்று பயந்து போன் போட்டால், டாக்டரம்மா எத்தனை காபி என்றுதான் கேட்டார். சிகரெட் புகை கல்லீரலில் காபியின் கஃபீனைக் கரைக்கிற வேலையை வேகப்படுத்திவைத்திருக்கும், புகை நின்றதும் அதே ஒரு டம்ளர் உடம்பில் ரொம்ப நேரம் நிற்கும். பாதியாகக் குறைத்தேன், மதியத்துக்கு மேல் நிறுத்தினேன், தூக்கம் வந்தது.

கடினமான நேரம் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை. பட்டறையிலிருந்து வரும் வழியை மாற்றினேன், அந்தப் பெட்டிக்கடை இருக்கிற ரோடே வேண்டாம். வந்ததும் குளித்து, சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன். வயிறு நிறைந்தால் இரண்டு ஆசையுமே அடங்குகிறது, பசியோடு இருந்தால் இரண்டுமே ஏறுகிறது.

நண்பர்கள் கூப்பிடாமல் இல்லை. ஒரு காதுகுத்து விசேஷத்தில் மாடியில் பாட்டில் திறந்ததும், "நீ குடிக்க வேண்டா மச்சான், சும்மா கம்பெனி குடு, தம் மட்டும் போடு" என்றான் ஒருவன். அன்பாகத்தான் சொன்னான். அவனிடம், எனக்கு அந்தத் தம்தான் அந்தக் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கீழே பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவனுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, ஆனால் மறுபடி நீட்டவில்லை.

சூயிங்கம்மை மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். குடி ஆசைக்கு இன்னும் மாதம் ஒரு தடவை அந்தப் பிரிவுக்குப் போகிறேன், அதற்குத் தனி மாத்திரை உண்டு. எல்லோருக்கும் இதே மருந்து ஒத்துவராது. உதாரணமாக, சிகரெட் விடக் கொடுக்கிற புப்ரோபியான் மாத்திரையை, குடியைச் சட்டென்று நிறுத்துகிறவருக்குக் கொடுக்கக் கூடாது, வலிப்பு வரும் அபாயம் கூடும். சிகரெட்டுக்கு ஒரு இடம், குடிக்கு ஒரு இடம் என்று தனித்தனியாகப் போய் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் இதுதான் நடக்கும்.

அதனால் போகும்போது இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள், கடைசியாக எப்போது, முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, குடிக்கும்போது எத்தனை, காலையில் கை நடுங்குகிறதா. வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும். சிகரெட்டுக்கு மட்டும் முதலில் பேசிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிற 1800-11-2356 எண் இலவசம்.