அந்தச் சீட்டை எழுதிக் கொடுக்க எனக்கு 11 மாதம் ஆனது

எனக்கு வயது 53, சுகர் வந்து 14 வருடம். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே கூச்சத்தால்தான் போன வருடம் 11 மாதத்தையும் கையில் இருந்த பணத்தையும் தொலைத்து, ஒரு ராத்திரி அவசர சிகிச்சைப் பிரிவு வரை போய் வந்தேன். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆரம்பம் எப்படி என்றால், ஒன்றுக்குப் போவது குறைந்துவிட்டது. காலையில் ஒரு முறை, அப்புறம் மூன்று, நான்கு மணிக்குத்தான். அலுவலகத்தில் மற்றவர்கள் அடிக்கடி எழுந்து போவார்கள், எனக்கு அந்தத் தொந்தரவே இல்லை. சுகர் கட்டுக்குள் இருப்பதன் அடையாளம் என்று நம்பினேன். உண்மையில் அப்போதே சிறுநீர்ப்பை நிறைவதைச் சொல்லும் நரம்பு மழுங்கத் தொடங்கியிருந்தது. நன்றாக இருக்கும் ஒருவருக்கு 300, 400 மில்லி சேர்ந்தால் முட்டும். எனக்கு 600 ஆனாலும் முட்டவில்லை. அப்படி நாள் கணக்கில் இழுபட்டு இழுபட்டு, பையின் தசையும் சுருங்கித் தள்ளும் பலத்தை இழந்துகொண்டே வந்திருக்கிறது. பிறகு நீர் மெல்லிசாக வந்தது, முக்கித் தள்ள வேண்டியிருந்தது, எழுந்து வந்தபின் உள்ளாடையில் ஈரம். எட்டு மாதத்தில் மூன்று முறை யூரின் இன்ஃபெக்ஷன்.

இதே காலத்தில்தான் விறைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. விடியற்காலையில் தானாக வருவதும் நின்றுபோனது. மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை, வேலைப் பளு என்று சொல்லி வேறு அறையில் படுக்க ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்த டாக்டரிடம் நீர் மெல்லிசாக வருவதை மட்டும் சொன்னேன். வயிறு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் சென்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு முட்டியதும் சொல்லுங்கள் என்றார்கள். முட்டவே இல்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேர் முன்னால் அந்தப் பெண் மூன்று முறை சத்தமாக, “யூரின் முட்டுதா சார்?” என்று கேட்டுவிட்டுக் கடைசியில் பொறுமை போய் உள்ளே கூப்பிட்டார். கருவியை வைத்ததும், “இவ்வளவு நிறைஞ்சிருக்கே, உங்களுக்குத் தெரியலையா?” என்றார். என் நோயே அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது, ஆனால் ரிப்போர்ட்டில் அது ஏறவில்லை. பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி 26 கிராம், லேசான வீக்கம் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்று பார்க்கவில்லை. டாக்டரின் சீட்டில் அது கேட்கப்படவில்லையாம். அந்த ஒரு வரி இல்லாததால் அந்த ஸ்கேன் எனக்கு வீண்.

வீக்கத்துக்காக டாம்சுலோசின் மாத்திரை நான்கு மாதம் சாப்பிட்டேன். பெரிய மாற்றமில்லை. மூன்றாவது இன்ஃபெக்ஷனின்போது அவசரம் அவசரமாக வந்ததால் வேறு ஒருவர் அதை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார். அந்த வகை மாத்திரை பையின் தசையைத் தளர்த்தக்கூடியது. ஏற்கெனவே தள்ளப் பலமில்லாத தசையை இன்னும் தளர்த்தினால் என்ன ஆகும்? 14 வருடச் சுகர் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆறாவது நாள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தது, அதனால் அடைத்திருக்கும் என்று தோன்றவே இல்லை. வலியும் இல்லை. இரவில் வேட்டியை அவிழ்க்கும்போது அடிவயிறு தொப்புள் வரை கெட்டியாகப் புடைத்திருந்ததைப் பார்த்து மனைவி பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டியூப் போட்டதும் 1,100 மில்லி வந்தது. பை வழிந்துதான் அரை மணிக்கு ஒருமுறை கசிந்திருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.6, அதிகம். சிறுநீரகம் வரை அழுத்தம் போயிருக்கிறது என்றார்கள். சுகர்காரர்களுக்கு இந்த அடைப்பு வலிக்காமலும் வரலாம் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு இரண்டு மாதம் முன்னால், மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கிப் பார்க்கும் ஒரு வைத்தியரிடம் விறைப்புக்காகப் போயிருந்தேன், யாருக்கும் தெரியாமல். நாடி பார்த்தார், சின்ன வயதுப் பழக்கத்தால் வந்த பலவீனம் என்றார், லேகியமும் பொடியும் 8,500 ரூபாய். சுகர் எவ்வளவு, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்படி விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் விறைப்புக்கான ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் சொல்லாமலே கலக்கப்பட்டிருப்பது உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. இதய நோய்க்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் தெரியாமல் அதைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அந்த ஆளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

டியூபோடு வீட்டுக்கு வந்த வாரம்தான் ஒரு சின்னச் சீட்டை எடுத்து எழுதினேன். நான்கே வரி. சுகர் 14 வருடம். யூரின் முட்டுவது தெரிவதில்லை, கழித்தபின்னும் மீதி இருப்பதுபோல் இருக்கிறது. ஒரு வருடமாக விறைப்பு இல்லை, காலையிலும் இல்லை. எப்போதாவது உச்சம் வந்தாலும் விந்து வெளியே வருவதில்லை. யூராலஜிஸ்ட் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்லாமல் சீட்டை நீட்டினேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, “நாலும் ஒரே நரம்புக் கோளாறா இருக்கலாம் சார், சேர்த்துச் சொன்னது நல்லதாப் போச்சு” என்றார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாமாக அசைக்காமலே தானாக இயங்கும் உறுப்புகளுக்குப் போகும் நரம்புகள் உண்டு. நீண்ட காலச் சுகர் அவற்றை அரிக்கும். பைக்கும் ஆணுறுப்புக்கும் அப்படிப்பட்ட நரம்புகள்தான் போகின்றன, அவை இப்படிக் கெடுவதற்குத்தான் ஆட்டோனாமிக் நியூரோபதி என்று பெயர்.

டியூபை எடுத்தபின் யூரோஃப்ளோ. ஒரு புனல் போன்ற கருவியில் நீர் கழிக்க வேண்டும், வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும். நன்றாகப் போகிறவருக்கு நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருக்குமாம், எனக்கு 7, அதுவும் விட்டு விட்டு. உடனே ஸ்கேன், மீதி 340 மில்லி. ஆனால் ப்ராஸ்டேட் அடைத்தாலும் இதே மாதிரிதான் வரும், அதனால் யூரோடைனமிக்ஸ் செய்தார்கள். மெல்லிய குழாய் வழியாகப் பைக்குள் அழுத்தத்தை அளப்பது. அழுத்தம் நிறைய இருந்தும் நீர் மெதுவாக வந்தால் அடைப்பு. எனக்கு அழுத்தமே எழவில்லை, அதாவது தசை தள்ளவில்லை. டாம்சுலோசினையும் அந்த அடக்கும் மாத்திரையையும் நிறுத்தினார்.

வைத்தியம் என்று பார்த்தால் பெரும்பாலும் கடிகாரம்தான். முட்டுகிறதோ இல்லையோ மூன்று மணிக்கு ஒருமுறை போக வேண்டும், போனபின் இரண்டு நிமிடம் நின்று மறுபடி ஒருமுறை முயற்சிக்க வேண்டும். அதோடு நாளுக்கு இரண்டு முறை நானே டியூப் போட்டு மீதியை வடிக்க வேண்டும் என்றார். கேட்டதும் தலை சுற்றியது. கற்றுக்கொடுத்த பிரதர் நல்ல மனிதர், கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் நிதானமாகச் சொன்னார். சோப்புப் போட்டுக் கை கழுவி, 12 நம்பர் டியூபில் ஜெல்லி தடவி, உறுப்பை மேல்நோக்கிப் பிடித்து மெதுவாக உள்ளே விட வேண்டும். ப்ராஸ்டேட் பக்கம் ஓர் இடத்தில் தடுக்கும். அங்கே பலவந்தமாகத் தள்ளக் கூடாது, ஆழமாக மூச்சை இழுத்து விட்டால் தளரும். நீர் வரத் தொடங்கியதும் இன்னும் ஓர் அங்குலம் உள்ளே விட்டு, முழுக்க வடியும் வரை பொறுக்க வேண்டும். முதல் மூன்று நாள் கை நடுங்கியது. இரண்டாவது வாரத்தில் ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு முறையும் வடிந்த அளவை ஒரு நோட்டில் எழுதினேன், டாக்டருக்கு அந்த நோட்டுதான் மிகவும் உதவியது. ரத்தம் வந்தாலோ, குளிர் காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்காமல் போய்விடுங்கள்.

விறைப்புக்கு மாத்திரை உடனே தரவில்லை. ஈசிஜி, டிரெட்மில், காலை நேர ஹார்மோன் சோதனை எல்லாம் பார்த்தார், ஏனென்றால் சுகர்காரருக்கு விறைப்புக் குறைவது இதய ரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ வேறு நைட்ரேட் மாத்திரையோ எடுக்கிறவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும். எனக்கு அது இல்லாததால் 50 மில்லிகிராம் கொடுத்தார். முதல் இரண்டு முறை ஒன்றும் ஆகவில்லை, மனம் விட்டுப்போயிற்று. விசாரித்தால், நான் பரோட்டாவும் குருமாவும் சாப்பிட்டு உடனே போட்டிருக்கிறேன், கொழுப்பான சாப்பாடு மாத்திரையைத் தாமதப்படுத்துமாம். வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், அதன்பிறகும் தொடுதலும் ஆசையும் இருந்தால்தான் அது வேலை செய்யும். நான்காவது முறை பலித்தது. முன்பு போல் முழுமையாக இல்லை, ஆனால் போதும்.

விந்து வராதது பற்றியும் கேட்டேன். பையின் வாய் மூடாததால் அது பின்னோக்கிப் பைக்குள் போய்விடுகிறது, பிறகு யூரினோடு வெளியேறும், கெடுதல் இல்லை என்றார். டாம்சுலோசினாலும் விந்து வராமல் போகலாம், எனக்கு அதை நிறுத்திய பின்னும் தொடர்வதால் நரம்புதான். குழந்தை வேண்டும் என்பவர்கள் மட்டும் கட்டாயம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கும் ஆறு வருடமாகச் சுகர். நான் எல்லாவற்றையும் சொன்ன ராத்திரி அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேங்க” என்றாள். அவளுக்கும் வறட்சி, எரிச்சல், அரிப்பு இருந்ததை அன்றுதான் சொன்னாள். பெண் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனேன், பூஞ்சைத் தொற்றுக்கு மருந்தும் வறட்சிக்கு ஜெல்லும் கொடுத்தார். அவளுடைய சுகர் மாத்திரைகளில் ஒன்று சர்க்கரையை யூரினில் தள்ளும் வகை, அதுவும் அரிப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று மாற்றச் சொன்னார்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.8-இல் இருந்து 7.4-க்கு இறங்கியிருக்கிறது, கிரியேட்டினின் 1.2. கெட்ட நரம்பு முழுக்கத் திரும்பாது, மேலும் கெடாமல் நிறுத்தலாம் என்று டாக்டர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். இழுபட்ட பை கொஞ்சம் தேறியிருக்கிறது. மீதி 130 மில்லி, டியூப் படுக்கும் முன் ஒருமுறை மட்டும். இன்ஃபெக்ஷன் அதன்பின் ஒரே ஒருமுறை வந்தது. அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். இந்த முறை சீட்டில் “நீர் கழித்த பின் மீதி” என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே வந்தேன்.