மேலிருந்து எடுத்த ஒரு போட்டோவை நம்பி நான் சொன்ன தப்பான வைத்தியம்

போன ஏப்ரலில் மதுரையிலிருந்து என் சித்தி மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காகச் சதைப்பற்றான இலை வைக்கும் எச்சிவேரியா செடி. பால்கனி நிழலில் இருந்த தொட்டியை நாலு நாள் முன்னால்தான் மொட்டை மாடிக்கு மாற்றியிருக்கிறாள். "அக்கா, இலையெல்லாம் பழுப்பாகிடுச்சு, அழுகலா, வெயிலா?" என்று கேட்டிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலடுக்கில் மூன்று இலைகளில், வானத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும் பழுப்புத் திட்டு. இஸ்திரிப் பெட்டி பட்ட துணி மாதிரி ஓரம் வெட்டினாற்போல் இருந்தது. ஒரு இலையில் அந்தத் திட்டுக்கு நடுவே சின்ன முக்கோணமாகப் பச்சை மிச்சமிருந்தது, மேலே இருந்த இலையின் நுனி நிழல் விழுந்த இடம் அது. நிழல் விழுந்த இடம் தப்பித்திருக்கிறது என்றால் வெயில்தான், சந்தேகமே இல்லை. நிழலுக்கு மாற்று, தண்ணீர் வழக்கம்போல ஊற்று என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "தொட்டாலே இலை விழுதுக்கா."

அப்போதுதான் பக்கவாட்டில் ஒரு படம் கேட்டேன். தொட்டி விளிம்பு உயரத்துக்குப் போனை இறக்கி, தண்டு மண்ணைத் தொடும் இடம் தெரியும்படி எடுக்கச் சொன்னேன். கீழ் அடுக்கு இலைகள் வெந்த ஜவ்வரிசி மாதிரி மஞ்சளாகக் கண்ணாடித்தன்மையோடு உப்பியிருந்தன. நிறம் மாறிய இடத்துக்கு ஓரம் என்று ஒன்றே இல்லை, பச்சையில் அப்படியே கரைந்துபோயிருந்தது. தண்டின் அடி கறுப்பு. விசாரித்தால், வெயில் அதிகம் என்று தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். மண் முழுக்க, ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும் தென்னை நார்க்கழிவு. மேலே வெயில் சுட்டது உண்மை, கீழே அழுகியதும் உண்மை. மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டாவது தெரியவே தெரியாது, மேல் இலைகள் மறைத்துவிடும். நான் சொன்னபடி நிழலுக்குப் போனதில் மண் காய்வது இன்னும் மெதுவாகி, அழுகல் வேகம் பிடித்துவிட்டது.

சந்தேகம் தீர இன்னொரு படமும் எடுக்கச் சொன்னேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, இலைக்குப் பின்னால் இன்னொரு போனின் டார்ச்சைப் பிடித்து எடுத்தது. அழுகிய இலை முழுசாக மஞ்சள் பல்பு மாதிரி ஒளிர்ந்தது. வெயில் சுட்ட இலையில் திட்டு மட்டும் இருட்டாக நின்றது, மற்ற இடம் எப்போதும்போல மங்கலான பச்சை. இந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால் பிறகு குழப்பம் வராது.

ஒரு இடத்தில் மட்டும் இதுவும் ஏமாற்றும். வெயில் பட்ட முதல் ஒன்றிரண்டு நாள் அந்தத் திட்டும் வெளுத்து, ஈரம் கோத்த மாதிரி இருக்கலாம். அதனால் அதே கோணத்தில், அதே நேரத்தில் இரண்டு நாள் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் காயம் காய்ந்து உள்வாங்கும், நிழலுக்கு வந்த பிறகு வளராது. அழுகல் அடுத்த இலைக்கு ஏறியிருக்கும். கீழ் இலை காகிதம் மாதிரி சுருங்கிக் காய்ந்திருந்தால் அது இரண்டுமே இல்லை, வயசான இலை, விட்டுவிடலாம்.

அப்புறம் நிறம். டியூப்லைட்டில் எடுத்த படத்தில் நல்ல இலையும் நோய் வந்த மாதிரி தெரியலாம். பகல் வெளிச்சத்தில், செடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், தாள் எந்த நிறத்தில் தெரிகிறது என்று பார்த்தே படத்தின் நிறத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் பெரிதாக்கும்போது அந்த ஓரக்கோடு குழம்பிப்போகும்.

சரி, செடி என்னாச்சு? கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டுத் தலையை வெட்டச் சொன்னேன். முதல் வெட்டில் தண்டுக்கு நடுவே பழுப்பு வளையம் தெரிந்தது, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே வெட்டச் சொன்னேன். மூன்றாவது வெட்டில்தான் சுத்தமான வெளிர்பச்சை வந்தது. ஒரு வாரம் காற்றோட்டமான நிழலில் மண்ணே இல்லாமல் கிடந்தது, வெட்டுவாய் காய்ந்ததும் ஆற்று மணல் பாதிக்கு மேல் கலந்த காய்ந்த மண்ணில் உட்கார வைத்தாள். மே கடைசியில் ஒரு படம் வந்தது, இந்த முறை பக்கவாட்டில். தண்டிலிருந்து ரோஸ் நிறத்தில் நாலு வேர். மேல் இலைகளில் அந்த மூன்று தழும்பும், நடுவில் பச்சை முக்கோணமும் அப்படியே இருந்தன.